கீசர் தொட்டியே ஒழுகியபோது: சாட்ஸ்வொர்த் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் 1960களில் கட்டிய வீடு, பிறகு பின்பக்கம் ஓர் அறையும் குளியலறையும் சேர்த்தார்கள். முன்வீட்டில் கணவன் மனைவி, வளர்ந்த இரண்டு பிள்ளைகள். பின்பக்கத்தில் ஆயா தனியாக இருக்கிறார். வீட்டுக்கு இரண்டு கீசர். முன்வீட்டுக்கு 150 லிட்டர், ஆயாவுக்கு 100 லிட்டர். இரண்டும் 2013இல் ஒரே ஆள் போட்டவை, இரண்டும் எனாமல் பூசிய இரும்புத் தொட்டி, இரண்டும் 400 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கானவை, இரண்டும் சீலிங்குக்கு மேல் படுக்கைவாட்டில் டிரிப் ட்ரேயில் உட்கார்ந்திருந்தன. இந்த ஒற்றுமையால்தான் இந்த நிகழ்வை எழுதவே தோன்றியது, ஏனென்றால் ஒன்று செத்துப்போனது, மற்றது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விஷயத்துக்குள் போகுமுன் தொட்டியின் உள்ளமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெளியே நாம் பார்க்கும் வெள்ளைத் தகரம் வெறும் உறை. அதற்குள் சூடு காக்கும் ஃபோம், அதற்குள்தான் தண்ணீர் நிற்கும் இரும்புத் தொட்டி. அந்த இரும்பின் உள்பக்கம் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு, பழைய எனாமல் தட்டில் இருக்கிறதே அதே சாதி. எவ்வளவு நன்றாகப் பூசினாலும் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் அதில் இருக்கும், வெல்டிங் தையல் ஓடும் இடங்களில் இன்னும் அதிகம். அந்தத் துளைகளில் இரும்பு நேராகத் தண்ணீரைத் தொடும். அங்கே துருப் பிடிக்காமல் காப்பதுதான் அனோட், அதாவது நடுவில் இரும்புக் கம்பி ஓடும் ஒரு மெக்னீசியம் தண்டு. இரும்பைவிட மெக்னீசியம் சீக்கிரம் கரையும் உலோகம் என்பதால், இரண்டும் ஒரே தண்ணீரில் தொடர்போடு இருக்கும்போது அது கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கரைவதுதான் அதன் வேலை, ஆகவே ஒரு நாள் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகும் கீசர் வழக்கம்போலச் சுடும், வெளியே ஒரு மாற்றமும் தெரியாது. எல்லோரும் ஏமாறுவது இங்கேதான்.

2019இல் முன்வீட்டு கீசரின் எலிமென்ட் எரிந்து ஓர் எலக்ட்ரீஷியன் வந்து மாற்றினார். அந்த பில்லை வீட்டுக்கார அக்கா ஃபைலில் வைத்திருந்தார். எலிமென்ட், தெர்மோஸ்டாட், காஸ்கெட் என்று மூன்று வரி. அனோட் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. இந்த மாடலில் எலிமென்ட் திருகியிருக்கும் அதே தட்டில்தான் அனோடும் மாட்டியிருக்கிறது, தட்டைக் கழற்றினால் கம்பி கையோடு வெளியே வந்துவிடும். பார்க்காமல் இருக்கவே முடியாது. பார்த்துவிட்டு அப்படியே திரும்பப் போட்டிருக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் தெரிந்த அறிகுறிகள்

2024 குளிர்காலத்திலேயே காலையில் சுடுதண்ணீர்க் குழாயை முதலில் திறக்கும்போது லேசாகப் பழுப்பு நிறம் வருகிறது என்று பிள்ளைகள் சொன்னார்களாம். பழைய இரும்புக் குழாய் வீடு, குழாயில் துரு இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அது நியாயமான சந்தேகம்தான், இந்தப் பக்கத்து வீடுகளில் அந்தக் காலத்து ஜி.ஐ. குழாய் இன்னும் நிறைய இருக்கிறது. பிரித்தறிய ஒரு வழி உண்டு: கீசரின் வடிகால் குழாயிலிருந்தே ஒரு வாளி பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கேயே பழுப்பாக இருந்தால் தொட்டிதான், அங்கே தெளிவாக இருந்து குளியலறையில் மட்டும் பழுப்பு என்றால் குழாய்.

செப்டம்பர் தொடக்கத்தில் வெளிச்சுவரில் சொட்டு விழ ஆரம்பித்தது. ஒரு ஹேண்டிமேன் வந்தார், அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக மாற்றிவிட்டுப் போனார். நாலைந்து நாளில் திரும்பவும் சொட்டு, இந்த முறை கூடுதலாக. அதற்கப்புறம்தான் பிளம்பரான என்னைக் கூப்பிட்டார்கள்.

பரிசோதனையில் கண்டது

சீலிங் ஏறுவதற்கு முன்பே பாதி விடை வெளிச்சுவரில் இருந்தது. அங்கே மூன்று குழாய் முனைகள் வரும். ஒன்று வெப்ப அழுத்தப் பாதுகாப்பு வால்விலிருந்து வருவது, ஒன்று அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வின் உபரித் தண்ணீர், மூன்றாவது டிரிப் ட்ரேயின் பருத்த பிளாஸ்டிக் குழாய். இரண்டாவதில் கீசர் சூடாகும் நேரத்தில் சொட்டு விழுவது இயல்பு. 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோனால் அது ஏறக்குறைய இரண்டேகால் லிட்டர் பெருகும், அந்தப் பெருக்கம் எங்கேயாவது போயாக வேண்டும். சூடாகி முடிந்ததும் அந்தச் சொட்டு நின்றுவிடும். ஆனால் ட்ரேயின் குழாயில் எப்போது தண்ணீர் வந்தாலும் அது இயல்பில்லை. இந்த வீட்டில் சொட்டியது ட்ரேயின் குழாய், அதுவும் இரவு பகல் நிற்காமல், விரலில் தொட்டுப் பார்த்தால் லேசான செம்மண் நிறத்தில். அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வின் உபரிக் குழாயில் ஒரு துளி இல்லை. ஆக, புது வால்வு போட்ட செலவு முழுக்க வீண், எந்தக் குழாய் சொட்டுகிறது என்று கீழே நின்று ஒரு நிமிஷம் பார்த்திருந்தாலே போதும்.

அடுத்தது தண்ணீர் மீட்டர். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பார்த்தால் மீட்டரின் சின்ன முள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கீசருக்குள் போகும் குளிர்தண்ணீர் வால்வை மூடியதும் நின்றது. கசிவு கீசர் பக்கம்தான், வேறெங்கும் இல்லை.

மேலே ஏறுமுன் டிபி போர்டில் கீசர் சுவிட்சை இறக்கி, மேலே கீசருக்குப் பக்கத்தில் இருக்கும் ஐசொலேட்டரையும் அணைத்து, கருவி வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகே உறையைத் தொட்டேன். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே பல வீடுகளில் கீசர் லைன் எர்த் லீக்கேஜ் வழியாகப் போவதில்லை, அது பிளக் பாயிண்டுகளுக்குத்தான். எலிமென்ட் மூடிக்குள் தண்ணீர் தேங்கினாலும் எதுவும் ட்ரிப் ஆகாது, ஈரத்தகரத்தில் கை வைக்கிறவர்தான் கண்டுபிடிப்பார்.

ட்ரேயில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அடியில் துருப்பொடி. எல்லா இணைப்பையும் துணியால் துடைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் டிஷ்யூ சுற்றிவிட்டுக் காத்திருந்தேன். குளிர்நீர் உள்வரும் இணைப்பு, சுடுநீர் வெளிவரும் இணைப்பு, பாதுகாப்பு வால்வு, வடிகால் குழாய் எல்லாம் காய்ந்தே இருந்தன. எலிமென்ட் மூடியைத் திறந்தால் உள்ளே ஈரம்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு காஸ்கெட் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. காஸ்கெட் கசிந்தால் மாற்றிவிடலாம், கீசரைத் தூக்கி எறிய வேண்டாம், அதனால் இதைச் சரியாகப் பிரித்தே ஆக வேண்டும். தட்டையும் போல்ட்டுகளையும் நன்றாகக் காயவைத்துவிட்டு டார்ச்சை நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காஸ்கெட் கசிவாக இருந்தால் தட்டின் விளிம்பிலோ போல்ட் தலைக்கடியிலோ முதல் மணி திரளும். இங்கே தட்டு வறண்டே கிடந்தது, தண்ணீர் வந்தது தட்டைச் சுற்றியுள்ள ஃபோமின் வெட்டு விளிம்பிலிருந்து, மேல்பக்கமாக ஊறி வழிந்து. அந்த ஃபோமை விரலால் அமுக்கினால் பழுப்புத் தண்ணீர் பிதுங்கியது. கீசரின் மறுமுனையில், உறையின் அடித்தையலிலும் அதே நிறத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இணைப்புகள் எல்லாம் காய்ந்திருக்க, உறைக்குள்ளிருந்து துருத்தண்ணீர் வருகிறது என்றால் அது தொட்டியின் உடம்பு. வேறு இடமே இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அன்றைக்கே மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவது. அக்கா தயங்கினார். "தம்பி, புரட்டாசி கடைசி சனிக்கிழமை வீட்டில் பூசை, நாற்பது பேராவது வருவார்கள், அது முடியட்டும், சொட்டுதானே விழுகிறது" என்றார். ஒரு ஊசித்துளை சில வாரம் சொட்டாகவே இருக்கலாம், அதில் அவர் சொன்னது தவறில்லை. ஆனால் துளை விழுந்திருப்பது எங்கே என்று வெளியிலிருந்து தெரியாது. வெல்டிங் தையல் ஓரமாக இருந்தால் 400 கிலோபாஸ்கல் அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அங்கே இரும்பு மெலிந்துகொண்டே போகும், ஒரு நாள் ராத்திரி தையல் கிழியலாம். கிழிந்தால் வருவது தொட்டியிலிருக்கும் 150 லிட்டர் மட்டுமில்லை, யாராவது வால்வை மூடும்வரை தெருக்குழாய்த் தண்ணீரும் சேர்ந்து வரும். ட்ரே சொட்டைத் தாங்கும், அதைத் தாங்காது. கீழே பிள்ளைகளின் படுக்கையறை. சீலிங் போர்டு ஒரு மூலையில் ஏற்கெனவே ஊறியிருந்தது.

எனவே இரண்டையும் மூடினோம். தண்ணீரை மட்டும் மூடிவிட்டு மின்சாரத்தை விடக்கூடாது, கசிந்து மட்டம் இறங்கி எலிமென்ட் வெறும் காற்றில் எரியும். சுடுநீர்க் குழாய் ஒன்றைத் திறந்து அழுத்தத்தை இறக்கியதும் சொட்டு பாதியாகக் குறைந்தது. தொட்டியைக் காலி செய்வதற்கு வடிகாலில் ஹோஸ் மாட்டினால் அடைத்துக்கொண்டிருந்தது, அடியில் சேர்ந்த வண்டல். கம்பி விட்டுக் குத்தித்தான் திறந்தது. குளிக்க ஆயாவின் குளியலறை, மற்றதற்கு விசேஷங்களுக்கு டீ போடும் பெரிய அர்ன் என்று சமாளித்தார்கள்.

இரண்டாவது, பழுது பார்ப்பதா மாற்றுவதா. வீட்டுக்காரருக்கு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மச்சான் ஒருவர், வெல்டிங் அடித்துவிடலாமே என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொட்டியின் எனாமல் தொழிற்சாலையில் 800 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு ஏற்றியது. வெளியிலிருந்து வெல்டிங் சூடு பட்டால் அந்த இடத்தைச் சுற்றி உள்பூச்சு பொரிந்து உதிரும், ஒரு துளையை அடைத்துவிட்டு உள்ளங்கை அகலத்துக்கு வெற்று இரும்பைத் திறந்துவிட்ட மாதிரி ஆகும். உள்ளே மறுபடி பூசவும் வழியில்லை. எபாக்சி ஒட்டும் இதே கதைதான், தினமும் சூடாகி விரிந்து ஆறிச் சுருங்கும் இரும்பில், உள்ளிருந்து அழுத்தம் தள்ளும் இடத்தில் அது நிற்காது. அதைவிட முக்கியம், ஒரு துளை வெளியே வந்துவிட்டதென்றால் அதே வயதுள்ள இன்னும் சில துளைகள் முக்கால்வாசி ஆழத்தில் காத்திருக்கின்றன. வால்வு, இணைப்பு, காஸ்கெட், எலிமென்ட், தெர்மோஸ்டாட் எது கசிந்தாலும் பழுதானாலும் மாற்றலாம், தொட்டி கசிந்தால் கீசரைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, என்ன கீசர் போடுவது. 600 கிலோபாஸ்கல் கீசர் போட்டால் ஷவர் வேகமாக வருமே என்று பிள்ளைகளின் ஆசை. பழைய ஜி.ஐ. குழாய் பாதி வீட்டில் இருக்கும்போது அழுத்தத்தைக் கூட்டுவது வம்பு என்று 400லேயே நிறுத்தினோம். கீசருக்கும் அழுத்த வால்வுக்கும் எண் பொருந்த வேண்டும். 400 கீசருக்கு 600 வால்வு மாட்டினால் தொட்டி தன் அளவுக்கு மேல் அழுத்தத்தை நாள் முழுக்கத் தாங்கிக்கொண்டிருக்கும், சில வருஷத்திலேயே எனாமல் தையலோரம் விரிசல் விடும்.

காப்பீட்டுக்கும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக் காப்பீட்டில் கீசர் வெடிப்பு, கசிவு இரண்டும் அடங்கியிருந்தது. ஈர ஃபோம், ட்ரே, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்து அனுப்பினேன், கழற்றின பிறகு என்ன சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். எக்செஸ் தொகை போக கீசருக்கும் ஊறிய சீலிங் போர்டுக்கும் பணம் வந்தது. ஹேண்டிமேன் மாற்றிய வால்வுக்கு வரவில்லை.

மாற்றியதும் பழைய தொட்டி சொன்னதும்

மாற்றும் வேலை கீசர் பொருத்துவதற்கான தென்னாப்பிரிக்கத் தரநிலை சான்ஸ் 10254 விதிப்படி நடந்தது, கீசரோடு அழுத்த வால்வு, பாதுகாப்பு வால்வு, வேக்யூம் பிரேக்கர்கள், புது ட்ரே எல்லாம் சேர்த்து. பிளம்பிங் சான்றிதழ் நான் கொடுத்தேன், மின் இணைப்புக்கு எலக்ட்ரீஷியன் தனிச் சான்றிதழ் கொடுத்தார். இதில் சொல்ல வேறு ஒன்றுமில்லை, பூசைக்கு ஒரு வாரம் முன்பே சுடுதண்ணீர் வந்துவிட்டது.

பழைய தொட்டியை முற்றத்தில் போட்டு அறுத்துப் பார்த்தோம். எலிமென்ட் தட்டோடு வந்த அனோட் என்பது வெறும் இரும்புக் கம்பி, தட்டுக்குப் பக்கத்தில் விரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி மட்டும் மிச்சம், அதுவும் தொட்டதும் உதிர்ந்தது. உள்பக்க எனாமல் பெரும்பகுதி இன்னும் பளபளப்பாகவே இருந்தது, அதைப் பார்த்து வீட்டுக்காரருக்கு ஆச்சரியம். கேடெல்லாம் ஓர் இடத்தில் குவிந்திருந்தது. உருளை உடம்பும் குவிந்த மூடியும் சேரும் வெல்டிங் தையலை ஒட்டி வரிசையாகத் துருக்கொப்புளங்கள். ஒன்றை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் அடியில் குண்டூசித் தலை அளவு பள்ளம், சூரியனுக்கு எதிரே பிடித்தால் ஒன்றில் வெளிச்சம் தெரிந்தது. பக்கத்திலேயே இரண்டு பள்ளங்களை ஆணியால் அழுத்தியதும் ஆணி மறுபக்கம் போய்விட்டது.

தெர்மோஸ்டாட்டை 70க்கு மேல் திருப்பி வைத்திருந்தார்கள். நாலு பேர் அடுத்தடுத்துக் குளிக்கத் தண்ணீர் போதவில்லை என்று யாரோ ஏற்றிவிட்டது, அப்படியே நின்றுவிட்டது. சூடு கூடக் கூடத் துருவும் வேகமாகும், அனோடும் வேகமாகக் கரையும், எனாமலும் மெதுவாகத் தேயும்.

ஆயாவின் கீசர்

அதே வருஷம், அதே வகை, அதே தண்ணீர். அதையும் விட்டுவைக்காமல் திறந்தோம், ஏனென்றால் ஒன்று போனால் இரண்டும் போகும் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. அனோட் பாதிக் கனத்தில் இருந்தது, மேடு பள்ளமாக, ஆனால் கம்பி எங்கேயும் வெளியே தெரியவில்லை. தட்டின் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் தையலோரம் வெள்ளையாகவே இருந்தது, ஒன்றிரண்டு மஞ்சள் கறை மட்டும். ஓர் ஆள் உபயோகம், சூடு 60 டிகிரி. அவ்வளவுதான் வித்தியாசம்.

புது அனோடும் புது காஸ்கெட்டும் போட்டோம், சில நூறு ராண்டில் முடிந்தது. அந்த நேரத்தில் முன்வீட்டு வேலைக்கு ஆன மொத்தச் செலவு பத்தாயிரம் ராண்டைத் தாண்டிவிட்டது. ஆயா மட்டும், "நான் குறைவாகக் குளிக்கிறேன் என்று எல்லோரும் சொல்வீர்களே, இப்போது பார்த்தீர்களா" என்றார். ஒரு வருஷம் கழித்துத் திறந்தபோது அனோட் நல்ல கனத்தில் இருந்தது, காஸ்கெட்டில் ஈரம் இல்லை.

வயதை மட்டும் வைத்துக் கீசரைத் தூக்கக்கூடாது என்பதற்கு இதைச் சொல்கிறேன். என் கணக்கு இப்படி: அனோடில் உலோகம் மிச்சமிருந்து, தையலோரம் கொப்புளம் இல்லையென்றால், பத்து வயதானாலும் புது அனோட் போட்டுத் தொடரலாம். கம்பி மட்டும் மிஞ்சியிருந்து எனாமல் இன்னும் வெள்ளையாக இருந்தால் உடனே அனோட் போட்டுவிட்டு அடுத்த வருஷமே மறுபடி திறந்து பார்க்க வேண்டும். கம்பியும் வெறுமையாகி, துருக்கொப்புளமும் தெரிந்து, வடிகாலில் பழுப்புத் தண்ணீரும் வந்தால், இன்னும் ஒழுகாவிட்டாலும் அனோடுக்குச் செலவழிக்காதீர்கள். புது மெக்னீசியம் மேற்கொண்டு அரிப்பதைத் தாமதப்படுத்தும், விழுந்த பள்ளத்தை நிரப்பாது. அந்த நிலையில் கீசரை நமக்குத் தோதான வாரத்தில் மாற்றிவிடுவது, அது தனக்குத் தோதான ராத்திரியில் கிழிவதைவிட எவ்வளவோ மேல்.

பிறகு மாற்றிக்கொண்டவை

இந்த வீட்டில் இப்போது 2019 பில் மாதிரி இன்னொன்று வராது. யார் எலிமென்ட் மாற்ற வந்தாலும் கழற்றிய அனோடைத் தரையில் வைத்துக் காட்டச் சொல்லி அக்கா படம் எடுத்துக்கொள்வார், பாதிக்குக் கீழே போயிருந்தால் அதே வேலையில் மாற்றிவிட வேண்டும், தட்டைத் திறந்து காஸ்கெட் மாற்றும் கூலி எப்படியும் கொடுத்தாகிவிட்டது. நானும் என் பில்லில் அனோடுக்குத் தனி வரி வைத்துவிட்டேன், மாற்றாவிட்டாலும் எவ்வளவு கனம் மிச்சம் என்று எழுதுகிறேன்.

முன்வீட்டுத் தெர்மோஸ்டாட் 60இல் இருக்கிறது. அதற்குக் கீழே ரொம்ப இறக்கவும் சொல்லவில்லை, வெதுவெதுப்பான தொட்டியில் லெஜியனெல்லா கிருமி வளரும். தண்ணீர் போதாத பிரச்சினைக்கு ஷவர் தலையை மாற்றிச் சரிசெய்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை வடிகாலில் ஹோஸ் மாட்டி வண்டலை வெளியேற்றுகிறார்கள், குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருப்பதே பெரிய லாபம். புது கீசரின் உறையில் மார்க்கரால் போட்ட தேதியும் அடுத்து அனோட் பார்க்க வேண்டிய வருஷமும் எழுதியிருக்கிறது: 2027. தொட்டிக்கு ஐந்து வருஷ உத்தரவாதம், அனோடைக் கவனித்த பதிவு இல்லாவிட்டால் அது செல்லாது என்று அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது, அதையும் அக்கா பழைய பில்லோடு அதே ஃபைலில் சேர்த்து வைத்திருக்கிறார்.